நன்றியுரையில் வரவு இடாப்பு வாசிக்காதீர்கள்

வெள்ளவத்தையில் அண்மையில் நடந்த ஒரு கருத்தரங்கில் நன்றியுரை மட்டும் 11 நிமிடம். மொத்தம் 27 பெயர்கள். நாலாவது நிமிடத்திலேயே பின்வரிசை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டது. அந்த 27 பேரில் யார் என்ன செய்தார் என்று இருந்து கேட்டவர்களுக்கும் தெரியாது. எத்தனை தடவைதான் இதைச் சொல்வது?

ஒரு பெயர் விடுபட்டாலும் மனத்தாங்கல் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். உண்மையில் பட்டியல் நீள நீளத்தான் விடுபட்ட ஒருவருக்கு அதிகம் உறைக்கும்: இத்தனை பேரைச் சொன்னவர்கள் என்னை மறந்தார்களே! நாலே பேரை, அவரவர் செய்த வேலையோடு சொன்னால், இது பட்டியல் இல்லையென்று சபைக்கு விளங்கிவிடும். மற்றவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏற்பாட்டுக் குழுவினரின் பெயர்களை நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். மேடையில் "ஏற்பாட்டுக் குழுவினர்" என்றால் போதும்.

வாசிப்பதில் இடர்ப்படும் பிள்ளைகள் பற்றிய கருத்தரங்கு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வரி இது:

"தமது பல்வேறு வேலைப்பளுவின் மத்தியிலும் எமது அழைப்பை ஏற்று வருகைதந்து சிறப்பித்த பேராசிரியர் அவர்களுக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்."

எந்தக் கூட்டத்திலும் எவருக்கும் இது பொருந்தும், குறை அதுதான். இப்படி மாற்றலாம்:

"பேராசிரியர் அவர்களே, பிள்ளையைச் சோம்பேறி என்பதற்கு முன் கண்ணையும் காதையும் சோதியுங்கள் என்றீர்கள். நாளைக்கே வகுப்பில் செய்யக்கூடிய ஆலோசனை. நன்றி."

இந்த வரியை முதல்நாள் எழுத முடியாது. தாளில் நாலு வரி இடம் விட்டு வையுங்கள்; உரை நடக்கும்போது ஒரே ஒரு கருத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான். உரை முழுவதையும் சுருக்கிச் சொல்லத் தொடங்கினால் அது இரண்டாவது உரையாகிவிடும், பிழையாகவும் சொல்லிவிடுவீர்கள்.

மற்ற வரிகளை முதல்நாளே எழுதலாம். செயலாளரிடம் "யாருக்கு நன்றி சொல்லவேண்டும்?" என்று கேட்டால் பதவிகள்தான் வரும். "யார் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது?" என்று கேளுங்கள். அப்போதுதான் சிங்களத்தில் கேட்கப்படும் கேள்விகளை உடனுக்குடன் தமிழில் சொல்ல வரும் ஆசிரியையும், காலையிலேயே வந்து ஒலிவாங்கிகளைச் சரிபார்க்கும் தம்பியும் வெளியே வருவார்கள். "ஒலி, ஒளி அமைத்தோருக்கும்" என்று அவர்களைக் கரைத்துவிடாதீர்கள்.

அனுசரணையாளர் விடயத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம். பெயரை எப்படிச் சொல்வதென்று ஒப்புக்கொண்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள், அடைமொழி சேர்க்காமல்.

எழுதியதை நின்றபடி, கடிகாரம் பார்த்து, வாய்விட்டு வாசியுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் முதலில் "மேலும்", "அத்தோடு" போன்றவற்றை வெட்டுங்கள், பிறகு அடைமொழிகளை. பெயர்களை வெட்டுவது கடைசியில். பேச்சாளரின் பெயரை எப்படி உச்சரிப்பதென்று அவரிடமே கேட்டுவிடுங்கள்; தேநீர் இடைவேளையில் அரை நிமிட வேலை.