உப்பு சுருங்கவில்லை, தூள்தான் உயர்ந்திருந்தது

எக்ஸ்-கதிர் கருவியில் தூள் மாதிரிகளை ஓட்டிக்கொடுப்பது என் வேலை. ஒருமுறை ஓர் ஆய்வு மாணவர், சாதாரண உப்பில் வேறொரு அயனியைச் சிறிதளவு சேர்த்து எடுத்து வந்தார். கதிர் பலமாகத் திரும்பும் கோணத்தைக் காட்டும் முதல் பெரிய பீக் 31.75 பாகையில் வந்தது. சுத்தமான உப்புக்கு அது 31.70. "தளங்கள் நெருங்கிவிட்டன சார், அயனி உள்ளே போய்விட்டது" என்றார்.

கணக்கு என்னவோ எளிது. படிகத்தில் அணுக்கள் தளம் தளமாக அடுக்கியிருக்கும்; இரண்டு தளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் d. அடுத்தடுத்த இரண்டு தளங்களில் பட்டுத் திரும்பும் கதிர்களில், கீழ்த்தளத்தில் பட்டது இறங்கும்போது d sinθ, ஏறும்போது d sinθ அதிகமாகப் பயணிக்கிறது. இந்தப் பாதை வேறுபாடு அலைநீளம் λ-வின் n என்ற முழு மடங்காக இருந்தால் இரண்டும் கைகோத்து பலமாக வெளிவரும்:

2d sinθ = nλ

இங்கே θ தளத்திலிருந்து அளக்கும் கோணம், செங்குத்துக் கோட்டிலிருந்து அல்ல. கருவி காட்டுவது அதன் இரு மடங்கு, 2θ. பலர் பாதியாக்க மறந்துவிடுகிறார்கள். 31.70-ஐப் பாதியாக்கினால் 15.85, சைன் மதிப்பு 0.2731. செம்புக் குழாயின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். ஆக d = 1.5406 ÷ 0.5462 = 2.820 ஆங்ஸ்ட்ராம். பாதியாக்காமல் போட்டால் 1.47 வரும். பார்க்க நம்பும்படி இருக்கும், அதுதான் ஆபத்து.

சரி, மாணவரின் 31.75 என்ன சொல்கிறது? d = 2.816. சுருங்கியது போலத்தான் தெரிகிறது. ஆனால் அதே தளங்களின் இரண்டாம் வரிசைப் பீக்கும் (n = 2) அந்த வரைபடத்தில் இருந்தது. 66.27 பாகை. அதிலிருந்து d = 2.818. ஒரே தளங்களுக்கு இரண்டு இடைவெளி எப்படி இருக்க முடியும்? படிகம் நிஜமாகவே சுருங்கியிருந்தால் இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். கோணம் கூடக் கூட விடை 2.820-ஐ நோக்கி நகர்ந்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது தூளின் உயரத்தின் மேல்.

மாதிரித் தட்டில் தூளை விளிம்புக்கு மேலே குவித்து அழுத்தியிருந்தார். 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில், தூளின் மேற்பரப்பு வெறும் 0.1 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே பீக் ஏறக்குறைய 0.055 பாகை மேலே நகரும். கோணம் சிறிதாக இருக்கும்போது sinθ-வும் சிறியது. அதனால் அதே பிழை அங்கே d-ஐ அதிகமாகக் கெடுக்கிறது. முதல் பீக் அதிகம் ஏமாற்றியது அதனால்தான்.

அப்புறம் அவருடைய தூளில் சிறிது சிலிக்கான் தூளைக் கலந்து, அதே மாதிரி குவித்தே ஓட்டினேன். சிலிக்கானின் முதல் பீக் 28.44-இல் வர வேண்டும், 28.50-இல் வந்தது. நாங்கள் சிலிக்கானில் எதையும் சேர்க்கவில்லையே! கண்ணாடித் துண்டால் மேற்பரப்பை விளிம்போடு சமமாக வழித்துவிட்டு மறுபடி ஓட்டினோம். சிலிக்கான் 28.44-க்குத் திரும்பியது, உப்பும் 31.70-க்குத் திரும்பியது.