விடுபடு வேகம்: நேரத்தைக் கழற்றிவிட்டால் கிடைக்கும் விடை

"சந்திரயான்-3 நொடிக்கு 11.2 கி.மீ. வேகத்தைத் தொடவே இல்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி நிலாவுக்குப் போனது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பூமியின் பிடியிலிருந்து விடுபடத் தேவையான வேகம் என்று சொல்லப்படும் அந்த 11.2 எங்கிருந்து வருகிறது என்று போட்டுப் பார்த்தால், இதற்கான விடையும் அதே கணக்கிலேயே இருக்கிறது.

காற்றை மறந்துவிடுவோம். ஒரு கல்லை நேர்மேலே v₀ வேகத்தில் எறிகிறோம். பூமியின் மையத்திலிருந்து r தொலைவில் அதன் முடுக்கம்:

dv/dt = −gR²/r²

R பூமியின் ஆரம், 6,371 கி.மீ.; g தரையில் நாம் அறிந்த 9.8. கல்லின் நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போய்விட்டது.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. மாறிகளைப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால் v, t, r என்று மூன்று பேர் நிற்கிறார்கள். v-யை இடப்பக்கமும் t-யை வலப்பக்கமும் அனுப்பினால் r எங்கும் ஒட்டாமல் நிற்கும். r நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் கல் எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று யார் கேட்டார்கள்? எந்த உயரத்தில் என்ன வேகம் மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி. எனவே நேரத்தையே கழற்றிவிடலாம். dv/dt என்பது dv/dr-ஐ dr/dt-ஆல் பெருக்கியது. அந்த dr/dt வேறொன்றுமில்லை, v தான். இப்போது சமன்பாடு இரண்டாகப் பிளந்து நிற்கிறது:

v dv = −gR² dr/r²

இடப்பக்கம் வேகம் மட்டும், வலப்பக்கம் தொலைவு மட்டும். இரு பக்கமும் தொகையிட்டு, தரையில் r = R, v = v₀ என்று மாறிலியைக் கண்டுபிடித்தால்:

v² = v₀² − 2gR + 2gR²/r

r பெருகப் பெருகக் கடைசி உறுப்பு சுழியை நெருங்கும். ஆனாலும் v² எங்கேயும் சுழிக்குக் கீழே போகக் கூடாதென்றால் v₀² குறைந்தது 2gR இருக்க வேண்டும். 2 × 9.8 × 63,71,000-க்கு வர்க்கமூலம் எடுங்கள்: நொடிக்குச் சுமார் 11,175 மீட்டர், அதாவது 11.2 கி.மீ.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஆற்றல் வழியாக இதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாறிகளைப் பிரிக்கும் முறை பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தனியாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்து நடத்தினால் என்ன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த gR தான். ஈர்ப்பு துளியும் குறையாமல் 9.8-ஆகவே இருக்கும் ஓர் உலகில் 6,371 கி.மீ. உயரம் ஏற எவ்வளவு வேகம் வேண்டும்? அதுவும் √(2gR) தான். நம் உலகில் முடிவிலி வரை ஏற ஆகும் செலவு, அங்கே ஓர் ஆரத்தின் உயரம் ஏற ஆகும் செலவுக்குச் சரியாகச் சமம். பாதை முடிவதே இல்லை, ஆனால் செலவு முடிந்துவிடுகிறது. ஈர்ப்பு r²-க்குத் தலைகீழாகக் குறைவதால் வந்த சலுகை இது. r-க்கு மட்டும் தலைகீழாகக் குறைந்திருந்தால் தொகையிடும்போது மடக்கை வந்திருக்கும். அது மெல்ல வளரும், ஆனால் நிற்காது. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் கல் ஒருநாள் திரும்பி விழுந்தே தீரும்.

இனி வாசகரின் கேள்வி. v = 0 ஆகும் இடம்தான் கல்லின் உச்சி. 10 கி.மீ. வேகத்தில் எறிந்தால் அது தரையிலிருந்து ஏறக்குறைய 25,600 கி.மீ.-இல் நிற்கும். 11 கி.மீ. என்றால் உச்சி இரண்டு லட்சம் கி.மீ.-க்கு எகிறுகிறது! நிலாவின் தொலைவான 3,84,400 கி.மீ.-க்கு 11.08 போதும். நிலாவே பூமியின் பிடியிலிருந்து விடுபடாமல் சுற்றிக்கொண்டிருப்பதுதான். அதை எட்டிப் பிடிக்க நாம் ஏன் விடுபட வேண்டும்? சந்திரயான் நேர்மேலே போகவில்லை, சுற்றுப்பாதையைப் படிப்படியாக நீட்டித்தான் போனது. ஆனாலும் சங்கதி இதேதான்.

ஒரு எச்சரிக்கை: இது எறிந்த கல்லின் கணக்கு. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், எரிபொருள் தீராதவரை, ஆமை வேகத்திலும் பூமியை விட்டுப் போகலாம், எரிபொருள்தான் கட்டுப்படியாகாது. சூரியனின் ஈர்ப்பையும் நாம் சேர்க்கவில்லை. பூமி இருக்கும் தொலைவிலிருந்து சூரியனைவிட்டு விடுபட நொடிக்கு 42 கி.மீ. வேண்டும்.

செவ்வாய்க்குப் போவதென்றால் வெறுமனே விடுபட்டால் போதாது. பூமியைத் தாண்டிய பிறகும் நொடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகம் கையில் மிஞ்ச வேண்டும். அதற்காக 11.2-உடன் இன்னொரு 3-ஐக் கூட்ட வேண்டியதில்லை. சமன்பாட்டில் கூடுவதும் கழிவதும் வர்க்கங்கள்தான்: 11.2-இன் வர்க்கம் சுமார் 125, அதோடு 9, மொத்தம் 134. அதன் வர்க்கமூலம் 11.6. புறப்படும்போது கூடுதலாகக் கொடுத்த 0.4 கி.மீ., தொலைவில் போய் 3 கி.மீ.-ஆகக் கைக்கு வருகிறது.