கறுத்த வெங்காயம் நிறம் தராது

போன ஞாயிறு இரவு தாராவியிலிருந்து ஓர் அழைப்பு. வீட்டு விசேஷத்துக்கு மூன்று கிலோ ஆட்டுக்கறியில் பிரியாணி போட்டிருக்கிறார்கள். வாயில் வைக்க முடியாத கசப்பு. "மாஸ்டர், கறி கெட்டதா, பட்டை கூடிவிட்டதா?" என்று கேட்டார் அந்த அம்மா. வெங்காயம் என்ன நிறத்தில் இருந்தது என்று மட்டும் கேட்டேன். "நன்றாகக் கறுக்க வறுத்தோம். அப்போதுதானே நிறம் வரும்?"

இந்த மாதத்தில் இது மூன்றாவது. யார் கிளப்பிவிட்ட கதையோ தெரியவில்லை. மும்பையில் பிரிஸ்தா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைத்தான், கரியை அல்ல. வெங்காயத்தின் சர்க்கரை பழுப்பாகும் வரை இனிப்பும் மணமும் உண்டு. அதைத் தாண்டினால் அது கருகல். கருகியது தம்மில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிட்டால், தயிரோ எலுமிச்சையோ அதை மீட்காது.

அரைக் கிலோ வெங்காயத்துக்கு வருவோம். ஒரே கனத்தில், மெல்லிய நீள வாக்கில் அரியுங்கள். கனம் மாறினால் தடித்தது வெளுத்திருக்கும்போதே மெல்லியது கருகும். அகலமான வாணலியில், வெங்காயம் மூழ்கும் அளவுக்கு எண்ணெய். முதலில் தீ நடுத்தரத்துக்குச் சற்று மேலேயே இருக்கலாம். வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர். அது வற்றும்வரை நிறம் மாறாது, எண்ணெய் சடசடவென்று பொங்கும். இந்தக் கட்டத்தில் ஓயாமல் கிளறி வெங்காயத்தைக் குழைக்காதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடியோடு புரட்டினால் போதும்.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சத்தம் அடங்கும். காதால் கேளுங்கள், அதுதான் எச்சரிக்கை மணி. தண்ணீர் தீர்ந்துவிட்டது, இனிச் சூடு கிடுகிடுவென்று ஏறும். உடனே தீயைத் தணியுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து தீயைக் கூட்டுகிறார்கள். ஓரம் கறுத்து நடு வெளுத்து நிற்கும். தணிந்த தீயில் இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். மழைக்குப் பின் வரும் புது வெங்காயத்தில் ஈரம் அதிகம், கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காகச் சர்க்கரை தூவ வேண்டாம், அது வெங்காயத்துக்கு முந்திக் கருகும்.

விளிம்பு பொன்னிறமான பிறகு கரண்டியைக் கீழே வைக்கவே கூடாது. கைபேசி அடித்தாலும் அடிக்கட்டும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே, தேன் நிறத்தில், ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிடுங்கள்; எடுத்த பிறகும் உள்சூட்டில் நிறம் ஏறும். குவித்து வைத்தால் நடுவில் இருப்பது கறுத்து நமுத்துவிடும். அகலத் தட்டில் உதிர்த்துப் பரப்புங்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். வாணலியிலேயே அதைத் தேடாதீர்கள்.

பிறகு தட்டை வெளிச்சத்தில் வைத்து, கறுத்த துணுக்குகளைக் கையால் பொறுக்குங்கள். எண்ணெயையும் வடிகட்டுங்கள், அடியில் தங்கிய தூளே போதும், கசப்புக்கு. அதற்கும் மேலாகப் பாதி கறுத்துவிட்டதா? தயவுசெய்து எண்ணெயோடு கொட்டிவிட்டு, இன்னொரு அரைக் கிலோ அரியுங்கள். தாராவியில் கறுத்த வெங்காயத்தைக் கொட்டாமல் போட்டதில்தான் மூன்று கிலோ கறி போனது.