ஹோம்ஸ்டே நடத்துகிறீர்களா? உங்கள் வீட்டுப் பெயர் விருந்தினருக்கு ஞாபகம் இருக்கிறதா?

ராமநாதபுரத்தில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்கும் குடும்பத் தொழில்களுக்கும் பிராண்டிங் செய்து கொடுக்கிறேன். கடலோரத்துக்காரர்கள் மலையில் வீடு வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டு "லோகோ போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: போன மாதம் தங்கிப் போனவர் உங்களை கூகுள் மேப்பில் தேடினால் கிடைப்பீர்களா?

கீழக்கரைக் குடும்பம் ஒன்று, கொடைக்கானலில் நாலு அறை, அத்தனை புக்கிங்கும் ஒரு பெரிய புக்கிங் இணையதளம் வழியாகவே வந்துகொண்டிருந்தது. தளத்தில் ஒரு பெயர், வாசல் போர்டில் வேறு பெயர், மேப்பில் மூன்றாவதாக ஒன்று. அதில் இரண்டு பனி, பள்ளத்தாக்கு வகையறா, அதே மாதிரிப் பெயரில் அந்த ஊரிலேயே இன்னும் எத்தனையோ வீடுகள். தளத்தில் பார்ப்பவர்கள் நிறையப் பேர் பணம் கட்டுவதற்கு முன்னால் பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பார்கள், அங்கே நீங்கள் இல்லையென்றால் தங்கிப் போன பிறகும் அவர் தளத்தின் வாடிக்கையாளர்தான், உங்கள் விருந்தாளி இல்லை. உதாரணத்துக்கு 3,000 ரூபாய் அறை, 18 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் 540 ரூபாய் போய்விடும். முதல் தடவை அது போகட்டும், ஆள் கொண்டுவந்ததற்கான கூலி. அதே குடும்பம் அடுத்த மே மாதமும் தளம் வழியாகவே வந்தால்தான் நஷ்டம்.

அதனால் பெயரை ஒன்றாக்கினோம். வீட்டுக்கார அக்காவை, கீழக்கரையில் லாத்தா என்பார்கள், எல்லோரும் கூப்பிடும் செல்லப்பெயரோடு "வீடு" சேர்த்து, போர்டு, தளம், மேப், ரசீது எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில். மேப்பில் போன் நம்பர், வாசல் படம், கார் எங்கே நிறுத்தலாம் என்ற தகவல்.

அப்புறம் முதல் செய்தி. அன்பான உபசரிப்பு என்று தளத்தில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள், அதை யாரும் படிப்பதில்லை. புக்கிங் உறுதியானதும் போகிற செய்தியில்தான் அது தெரியும். தளம் நம்பர் கொடுத்தால் வாட்ஸ்அப்பில், இல்லையென்றால் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அனுப்பலாம். நாங்கள் எழுதியது இது:

"வணக்கம் சார், சனிக்கிழமை நீங்கள் வரும் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா? epass.tnega.org-இல் வண்டி நம்பர், வரும் தேதி போன்ற விவரங்கள் கொடுத்து எடுக்கலாம். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் அனுமதியில்லை, குடிக்க இங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் ஆகும் என்றால் சொல்லுங்கள், சாப்பாடு எடுத்து வைக்கிறோம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் காரம் குறைத்துச் செய்கிறோம்."

2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும், இது தெரியாமல் சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு நிற்பவர்கள் இன்னும் உண்டு. அந்தக் கஷ்டத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டீர்கள் என்றால் வருகிறவருக்கு வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே உங்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிடும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு பதார்த்தத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தட்டு நிறைய எட்டு வகை வைத்தால் ஊருக்குப் போனதும் ஒன்றும் நினைவிருக்காது. லாத்தா செய்யும் பூண்டுக் குழம்பு, கொடைக்கானல் மலைப்பூண்டு முழுசாக நல்லெண்ணெயில் வதங்க, நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை வறுத்து அரைத்துப் போட்டது. பூண்டுக்கு 2019-லும் மிளகாய்க்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே குழம்பில் அவர்கள் பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் இருக்கிறது, இதைவிட நல்ல அடையாளம் அந்த வீட்டுக்கு என்னால் வரைந்து கொடுக்க முடியாது! கிளம்பும்போது ஓலைக் கொட்டானில் எங்கள் பக்கத்து இனிப்பான தொதல் கொஞ்சம், மூடியில் பெயரும் போன் நம்பரும். லோகோ அங்கேதான் வேலை செய்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தளத்தில் பதிந்தவரிடம் "அதை கேன்சல் செய்துவிட்டு நேராகக் கட்டுங்கள்" என்று சொல்லாதீர்கள். விதிமீறல், பட்டியலிலிருந்தே தூக்கிவிடலாம், விருந்தாளிக்கும் சந்தேகம் வரும். அடுத்த தடவை அவராக போன் செய்யட்டும். அப்போதும் வாடகையை இறக்க வேண்டாம், மிச்சமாகும் கமிஷனில் இரவுச் சாப்பாட்டைச் சேர்த்துக் கொடுங்கள்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்க விமர்சனங்களைப் படியுங்கள். "சுத்தம், நல்ல வியூ" என்றே வந்தால் எந்த லாட்ஜுக்கும் அது பொருந்தும். ஆள் பெயரும் குழம்பும் வர ஆரம்பித்தால் சரியான வழியில் போகிறீர்கள். போனில் கேட்பவர்களிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டு ரிஜிஸ்டரில் எழுதி வையுங்கள். வெந்நீர் வராத வீட்டை எந்தக் குழம்பும் காப்பாற்றாது, கீசர் முதலில்.

ஹோம்ஸ்டே என்றாலே உரிமையாளர் குடும்பம் அங்கே குடியிருக்க வேண்டும். இந்தக் குடும்பமோ பெருநாளுக்கு கீழக்கரைக்கு இறங்கிவிடும், வீட்டைப் பார்த்துக்கொள்ள காவலுக்கு ஒரு பையன். விருந்தாளி லாத்தாவைத் தேடி வந்து பூட்டிய சமையலறையைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த வாரம் வாடகை நன்றாகத்தான் கிடைக்கும், ஆனாலும் தளத்தில் காலண்டரை மூடிவிடச் சொன்னேன், மூடினார்கள்.