குரூப் போட்டோவை மூன்றாக வெட்டும் முன் இடைவெளியைத் தேடுங்கள்

வண்ணாரப்பேட்டையில் போட்டோ டிசைன் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் அடிக்கடி வரும் கேள்வி இது: “அண்ணே, இந்த குரூப் போட்டோவை இன்ஸ்டாவுல தள்ளித் தள்ளிப் பார்க்குற மாதிரி மூணா வெட்டித் தர்றீங்களா?” வெட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அகலத்தை மூன்றால் வகுத்து அப்படியே வெட்டினால் கோடு பெரும்பாலும் யாராவது ஒருவரின் மூக்கிலோ காதிலோதான் போய் நிற்கும். ஒரு ஸ்லைடில் பாதி முகம், அடுத்ததில் மீதி. விரல் நகரும்போது மட்டும்தான் இரண்டும் சேர்ந்து தெரியும்; நிறுத்தினால் பாதி முகம்தான். தோளும் கையும் வெட்டுப்பட்டால் யாரும் கவனிப்பதில்லை. முகம் அப்படியல்ல.

அதனால் நான் க்ராப்பில் ஆரம்பிப்பதில்லை. தலைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். மூன்று ஸ்லைடுக்கு இரண்டே வெட்டுக்கோடுகள்தான். அந்த இரண்டுக்கும் இரண்டு இடைவெளிகளை நாமே தேர்ந்தெடுத்துவிட்டால், அவற்றுக்கு நடுவே உள்ள தூரமே ஒரு ஸ்லைடின் அகலம். அதே அகலத்தை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று சேர்த்தால் க்ராப் தயார்.

வியாசர்பாடி ஃபுட்பால் டீம் ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். கோச்சோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், ஒரே வரிசை. படம் 6000 × 4000 பிக்சல். நான்காவது பையனுக்கும் ஐந்தாவது பையனுக்கும் நடுவே இடது ஓரத்திலிருந்து 2140-இல் ஒரு இடைவெளி; எட்டாவது, ஒன்பதாவது ஆட்களுக்கு நடுவே 3980-இல் இன்னொன்று. வித்தியாசம் 1840. அப்படியானால் க்ராப் 300-இல் தொடங்கி (2140 – 1840) 5820-இல் முடியும் (3980 + 1840). மொத்த அகலம் 5520. ஓரத்தில் நிற்கும் இருவரும் இதற்குள் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 4:5 ஸ்லைடு என்பதால் உயரம் 1840-ஐப் போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 2300. மேலே 900 பிக்சல் வானத்தை விட்டுவிட்டால் தலையும் காலும் அடங்கிவிடுகின்றன.

தொடக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ, முடிவு 6000-ஐத் தாண்டினாலோ அந்த ஜோடி உதவாது. வேறு இரண்டு இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வெறும் சுவரோ மைதானமோ இருந்தால் அதைக் கொஞ்சம் நீட்டியும் சமாளிக்கலாம். நான்கு ஸ்லைடு கேட்டால் சிக்கல் கூடும். மூன்று இடைவெளிகளும் ஒரே தூரத்தில் அமைய வேண்டும், அது தானாக அமைவது அபூர்வம். நான் மூன்றுக்கே பேசி முடித்துவிடுவேன்.

ஒரு ஸ்லைடு 1080 × 1350; அதனால் க்ராப்பை முதலில் 3240 × 1350-க்குச் சுருக்கிவிட்டு, அப்புறம் மூன்றாக வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு தனித்தனியாகச் சுருக்கினால் ஓரிரு பிக்சல் பிசகி, பின்னால் இருக்கும் கோல் போஸ்ட் ஒடிந்ததுபோலத் தெரியும். கமாண்ட் அடித்துப் படத்தை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் ஒரே வரியில் முடியும்:

```
magick team.jpg -crop 5520x2300+300+900 +repage -resize 3240x1350 -crop 1080x1350 +repage tile_%d.jpg
```

`tile_0`, `tile_1`, `tile_2` என்று மூன்று ஃபைல் வரும். அதே வரிசையில் ஏற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பில் செய்பவர்கள் `New Guide Layout`-இல் `Columns` 3, `Gutter` 0 என்று கொடுத்தால், எந்த முகத்தின் மேல் கோடு விழுகிறது என்று வெட்டும் முன்பே தெரிந்துவிடும். ஏற்றும்போது முதல் படத்தின் வடிவமே எல்லாவற்றுக்கும் வரும். அது சதுரமாக இருந்தால் மேலும் கீழும் வெட்டிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேறு வேறு ஃபில்டர் போட்டால் இணைப்பில் நிறம் மாறுவது பளிச்சென்று தெரியும்.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இதெல்லாம் எடுபடாது. இடைவெளிகளுக்கு நடுவே 1080 பிக்சலாவது இல்லையென்றால், பெரிதாக்கும்போது முகம் மசமசவென்று ஆகிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வெட்டவே முடியாத படம் ஒன்று உண்டு. பின்வரிசையில் ஆறு பேர் நின்று, முன்வரிசையில் ஐந்து பேர் குந்தியிருக்கும் வழக்கமான டீம் போட்டோ. பின்னால் இடைவெளி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே முன்னால் ஒரு தலை இருக்கும். மேலிருந்து கீழே எந்த முகத்தையும் தொடாமல் ஒரு கோடு போடவே வழியில்லை. அதை முழுப்படமாகவே போடச் சொல்லிவிடுவேன்.

ஆட்கள் இன்னும் கிரவுண்டில் இருந்தால் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். போன் கேமராவில் கிரிட் கோடுகளை ஆன் செய்தால் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு வரும். நெடுக்கே வரும் இரண்டும் அகலத்தைச் சரியாக மூன்றாகப் பிரிப்பவை. நாலு நாலு பேராக நிற்கவைத்து, அந்தக் கோடுகள் விழும் இடத்தில் மட்டும் ஒரு சாண் விலகி நிற்கச் சொன்னால் போதும். தோளில் கை போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, தலைகள் ஒட்டாமல் இருந்தால் சரி.