மீரம், பெரம்: பாரசீகம் வேண்டுகோளைக் கட்டும் விதம்

ஈரானியப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிப் பழகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஒரே வினை வடிவம் ஒரு காட்சியில் ‘ஷுட்’ ஆகிறது, அடுத்ததில் ‘லெட்ஸ்’, அதற்கடுத்ததில் ‘குட் யூ’. எதை வைத்து முடிவு செய்வது?”

அந்த வடிவத்துக்கு இலக்கண நூல்கள் தரும் பெயர் சப்ஜங்க்டிவ். பெயர்தான் மிரட்டும், ஆள் எளிமையானவர். பாரசீக நிகழ்கால வினையில் மூன்று துண்டுகள் உண்டு: முன்னொட்டு, வேர், யார் என்று காட்டும் விகுதி. பேச்சுமொழியில் ‘மீரம்’ என்றால் ‘போகிறேன்’. முன்னால் உள்ள ‘மீ’யை எடுத்துவிட்டு ‘பெ’ போட்டால் ‘பெரம்’. (இந்தப் ‘பெ’யை ‘பெஞ்ச்’ என்பதில் வரும் ஒலியோடு படியுங்கள்.) எதிர்மறை என்றால் ‘பெ’ போய் ‘ந’ வரும்: ‘நரம்’.

‘மீரம்’ ஒரு செய்தி. நடப்பதாகச் சொல்பவர் உறுதி தருகிறார். ‘பெரம்’ அப்படி எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. போவது என்ற செயலை மேசைமேல் வைக்கிறது, அவ்வளவுதான். அது ஆசையா, கடமையா, சந்தேகமா என்பதை முன்னால் வரும் சொல் முடிவு செய்யும். ‘மீகாம் பெரம்’ என்றால் போக விரும்புகிறேன். ‘பாயத் பெரம்’ என்றால் போயாக வேண்டும். ‘ஷாயத் பெரம்’ என்றால் ஒருவேளை போவேன். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஐ வாண்ட் டு கோ’, இரண்டாவது ‘ஐ ஹேவ் டு கோ’, மூன்றாவது ‘ஐ மைட் கோ’. மூன்றிலும் ‘பெ’யைத் தனியாக மொழிபெயர்க்கவே இல்லை, கவனித்தீர்களா? முன்னால் நிற்கும் சொல்லைத்தான் மொழிபெயர்த்தோம்.

முன்னால் எதுவுமே இல்லாமல் வந்தால்? அப்போது விகுதியைப் பாருங்கள். ‘பெரம்?’ என்று கேள்வியாக வந்தால் ‘போகட்டுமா?’ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஷுட் ஐ கோ?’ ‘பெரீம்’ என்று பன்மையில் வந்தால் ‘போகலாம் வாங்க’, அதாவது ‘லெட்ஸ் கோ’. நம் ‘அட்டும்’, ‘லாம்’ இரண்டும் செய்யும் வேலையைத் தமிழில் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதிச் சிக்கல் தீரும்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். நெருக்கமானவரைப் ‘போ’ என்று ஏவ ‘பொரோ’ என்பார்கள். ‘நீ போக’ என்ற சப்ஜங்க்டிவ் வடிவம் ‘பெரீ’. இரண்டும் வேறு வேறு. ஆனால் மரியாதைக்குரியவரை ‘ஷொமா’ என்று பன்மையில் அழைக்கும்போது ஏவலும் ‘பெரீன்’தான், சப்ஜங்க்டிவும் ‘பெரீன்’தான். எழுத்துமொழியில் இரண்டுமே ‘பெரவீத்’. மரியாதை கூடுமிடத்தில் கட்டளைக்கும் கருத்துக்கும் நடுவே உள்ள சுவர் மறைந்துவிடுகிறது. இதை வைத்து “ஈரானியர் பிறவியிலேயே பணிவானவர்கள், அவர்கள் இலக்கணமே சாட்சி” என்று யாராவது ஆரம்பித்தால் நம்பாதீர்கள். இலக்கணத்தை வைத்து இனத்தின் குணம் சொல்வது கைரேகை பார்ப்பது மாதிரிதான். அதே வடிவத்தில் அங்கே சண்டையும் போடுகிறார்கள்.

அப்புறம் ‘மீஷே’. ‘ஆகுமா, முடியுமா’ என்று பொருள் தரும் சொல். இது யாரையும் சுட்டாது, எப்போதும் ஒருமையில் அப்படியே நிற்கும். கேட்கப்படும் ஆள் அதன்பின் வரும் சப்ஜங்க்டிவ் வினையின் விகுதியில்தான் இருக்கிறார். ‘மீஷே யெ லீவான் ஆப் பெ மன் பெதீன்?’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஆகுமா, ஒரு கிளாஸ் தண்ணீர் எனக்கு நீங்கள் தர?’ என்று வரும். (‘மன்’னுக்கு முன்னால் இருக்கும் ‘பெ’ வேறு ஆள், அது நம்முடைய ‘கு’ வேற்றுமை.) இதை ‘குட் யூ கிவ் மீ எ கிளாஸ் ஆஃப் வாட்டர்?’ என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் ஓட்டலில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயர் ‘குட் ஐ ஹேவ் எ கிளாஸ் ஆஃப் வாட்டர்?’ என்பார். பாரசீகம் தருபவரை எழுவாயாக வைக்கிறது, ஆங்கிலம் பெறுபவரை வைக்கிறது. பொருள் கேட்கும் இடங்களில் இப்படி எழுவாயை மாற்றினால்தான் இயல்பு வரும்.

இதில் எதிர்மறை நுழையும்போது வழுக்கும். ‘மீஷே பன்ஜரெரோ நபன்தீன்?’ என்பதில் ‘ந’ இரண்டாவது வினையில் இருக்கிறது. ‘ஜன்னலைச் சாத்தாமல் இருக்க முடியுமா?’ என்கிறார். ஆங்கிலத்தில் ‘குட் யூ லீவ் த விண்டோ ஓப்பன்?’ என்று நேர்மறையாகவே சொல்லிவிடலாம். அதே எதிர்மறை முதல் சொல்லுக்குத் தாவினால் ‘நெமீஷே பன்ஜரெரோ பெபன்தீன்?’ ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது, சாத்தச் சொல்கிறார். ‘காண்ட் யூ ஷட் த விண்டோ?’ இது கெஞ்சலா எரிச்சலா என்பது குரலில்தான் தெரியும். சப்டைட்டில் எழுதுபவர் காட்சியைப் பார்க்காமல், வெறும் வசனத் தாளை வைத்துக்கொண்டு எழுதினால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னும் ஒரு படி மேலே போகும் மரியாதைக்கு இறந்தகாலம் கைகொடுக்கிறது. ‘மீகாஸ்தம் பெபீனம் மீஷே ஃபர்தா பியாம்?’ மீகாஸ்தம் என்றால் ‘விரும்பிக்கொண்டிருந்தேன்’. பெபீனம் ‘நான் பார்க்க’. மீஷே ‘முடியுமா’. ஃபர்தா ‘நாளை’. பியாம் ‘நான் வர’. இதில் ‘பெபீனம்’, ‘பியாம்’ இரண்டும் நம் ‘பெ’ வடிவங்களே. இரண்டாவதில் வேர் உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘பெ’ ‘பி’யாகத் தேய்ந்திருக்கிறது. ஆங்கிலம்: ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் கம் டுமாரோ’. ‘பார்க்க’ என்ற சொல் ‘இஃப்’புக்குள் கரைந்துவிட்டது. ஆங்கிலமும் இறந்தகாலத்தைத்தான் பிடித்திருக்கிறது என்பதைப் பாருங்கள். விருப்பத்தை நேற்றைக்குத் தள்ளிவைத்தால் இன்றைக்கு மறுப்பது எதிராளிக்கு எளிது.

இது உண்மையான இறந்தகாலமா, மரியாதையா? தொடர்ந்து வருவதைப் பாருங்கள். நாளை பற்றிய கேள்வி வந்தால் மரியாதை. ‘வலீ நஷொத்’, அதாவது ‘ஆனால் முடியவில்லை’ என்று வந்தால் நிஜமாகவே பழைய கதை.

அலுவலகக் கடிதங்கள் தனி உலகம். ‘காஹெஷ்மந்த் அஸ்த் தஸ்தூர் ஃபர்மாயீத் எக்தாமெ லாஸெம் பெ அமல் ஆயத்’ என்பது அங்கே தேய்ந்த வாய்பாடு. ‘தேவையான நடவடிக்கை நடைமுறைக்கு வர உத்தரவிடுமாறு வேண்டப்படுகிறது’ என்பது போலப் போகும். ஃபர்மாயீத், ஆயத் இரண்டும் சப்ஜங்க்டிவ்தான். ஆனால் உயர்நடையில் ‘பெ’ உதிர்ந்துவிட்டது. அதனால் ‘பெ’யை மட்டும் தேடிப் படிப்பவருக்கு இது பிடிபடாது, விகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அரேஞ்ச் திஸ்’ போதும். ஒவ்வொரு பணிவையும் எண்ணி எண்ணி ஆங்கிலத்தில் ஏற்றினால் கேலி செய்வது போல ஒலிக்கும்.

இந்தக் கடித நடை நமக்கு ரொம்பத் தூரமில்லை. பாரசீகத்தில் பணிவாக ‘சொல்கிறேன்’ என்பதற்கு ‘அர்ஸ் மீகொனம்’ என்பார்கள். நம் தாத்தாக்கள் தாசில்தாருக்குக் கொடுத்த ‘அர்ஜி’யில் இருப்பதும் அந்த ‘அர்ஸ்’தான், அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்தது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பாரசீகச் சுவடிகளும் இருக்கின்றன. சுவடியைப் படம்பிடிக்கக் கிடைக்கும் பணத்தில் கொஞ்சமாவது அதைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கவும் போக வேண்டும் என்பது என் கட்சி. ‘ஃபர்மாயீத்’ கட்டளையா வேண்டுகோளா என்று கேமராவுக்குத் தெரியாது.