இசை சிகிச்சை வேலை செய்கிறதா? ஒரு பெரிய ஆய்வைப் படித்துப் பார்ப்போம்

ஆட்டிசம் உள்ள குழந்தை இசை சிகிச்சைக்குப் பிறகு கண் பார்த்துப் பழகுகிறது, முன்பைவிட அதிகம் பேசுகிறது என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றை எடைபோடப் பழக, 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான டைம்-ஏ ஆய்வைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஒன்பது நாடுகளில், 4 முதல் 7 வயதுக்குட்பட்ட 364 குழந்தைகள். குலுக்கல் முறையில் 182 பேருக்கு ஐந்து மாதம் இசை சிகிச்சை கிடைத்தது. அவர்களில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு அமர்வு, மீதிப் பேருக்கு மூன்று. மற்ற 182 பேருக்கு வழக்கமான கவனிப்போடு பெற்றோருக்கான ஆலோசனை மட்டும். இந்த ஆலோசனை இசைக் குழுவின் பெற்றோருக்கும் உண்டு. சிகிச்சையில் பாட்டு சொல்லிக்கொடுப்பதில்லை. குழந்தை மேளத்தைத் தட்டினால் சிகிச்சையாளர் அதே தாளத்தைத் திருப்பி வாசிப்பார், குழந்தை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். அப்படி மாறி மாறி வாசிப்பதே உரையாடலுக்கான பயிற்சி.

எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்: ஏ.டி.ஓ.எஸ். என்ற மதிப்பீட்டில் சமூகத் தொடர்புக்கான மதிப்பெண். 0 முதல் 27 வரை போகும். கூடினால் சிரமம் அதிகம் என்று பொருள். பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு விளையாடிப் பார்த்து மதிப்பெண் போடுவார். எந்தக் குழந்தை எந்தக் குழு என்று அவருக்குச் சொல்லப்படவில்லை.

ஐந்து மாதத்தில் இசைக் குழுவின் சராசரி 14.08-இலிருந்து 13.23-க்கு இறங்கியது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்து ‘இசையால் முன்னேற்றம்’ என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் இசை இல்லாத குழுவும் 13.49-இலிருந்து 12.58-க்கு இறங்கியிருந்தது. ஒன்றில் 0.85, மற்றதில் 0.91. குழந்தைகள் வளர்கிறார்கள், பேச்சுப் பயிற்சி போன்ற வேறு சிகிச்சைகளும் நடக்கின்றன. நிலைமை மோசமாக இருக்கும் நேரத்தில்தான் பலரும் உதவி தேடி வருவார்கள் என்பதால், அதன்பின் கொஞ்சம் சரியாவது இயல்பு. ஒப்பிட இரண்டாவது குழு இல்லாத ஆய்வில் இவை அத்தனையும் இசையின் கணக்கில் ஏறிவிடும்.

இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் 0.06. உண்மையான வித்தியாசம் அடங்கக்கூடிய வரம்பான 95% நம்பக எல்லை, இசைக்குச் சாதகமாக 0.70 வரையும் பாதகமாக 0.81 வரையும் விரிகிறது. அதாவது, உண்மையான பலன் ஏதேனும் இருந்தாலும் இந்த அளவுகோலில் ஒரு புள்ளியைக்கூட எட்ட வாய்ப்பு மிகக் குறைவு. ‘பலன் தெரியவில்லை’ என்பதும் ‘பெரிய பலன் இல்லை என்று தெரிகிறது’ என்பதும் வேறு வேறு. இருபது பேரை வைத்துச் செய்யும் ஆய்வு முதலாவதைத்தான் சொல்ல முடியும். இந்த ஆய்வால் இரண்டாவதைச் சொல்ல முடிந்தது.

துணை அளவீடுகள் இருபது. பதினேழில் வித்தியாசம் இல்லை. வழக்கமான 5% வரம்பை வைத்து இருபது கேள்வி கேட்டால், எந்தப் பலனும் இல்லாதபோதும் சராசரியாக ஒன்று தற்செயலாகத் ‘தேறிவிடும்’. விளம்பரங்கள் அந்த ஒன்றைத்தான் தேடிப் பிடிக்கும். ஆய்வில் முதன்மை அளவீடு எது என்று பார்த்துவிட்டு, அதன் முடிவை முதலில் படிப்பது இதனால்தான்.

அப்படியானால் இதற்கு முன் வந்த நல்ல முடிவுகள் எப்படி வந்தன? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் சேர்த்த பத்து ஆய்வுகளில் மொத்தமே 165 பேர். அந்தத் திரட்டு ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தது: சிகிச்சை அறைக்குள் தெரியும் மாற்றம் வேறு, அதற்கு வெளியே தெரியும் மாற்றம் வேறு. பழகிய சிகிச்சையாளரோடு மேளம் வாசிக்கும்போது குழந்தை கண் பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் அது நடக்கும் என்பதற்கு அந்த அறைக்குள் நடப்பது சான்றாகாது. பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாளிலும் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைக்குச் சிகிச்சை நடப்பது அவர்களுக்குத் தெரியும். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் மதிப்பெண்ணைச் சற்றுத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள்.

டைம்-ஏ மீதும் நியாயமான விமர்சனம் உண்டு. ஏ.டி.ஓ.எஸ். ஆட்டிசத்தைக் கண்டறிய உருவான கருவி. ஐந்து மாதத்தில் வரும் சிறு மாற்றத்தைக் காட்டும் நுட்பம் அதற்குக் குறைவு. கிடைத்த ‘மருந்தின் அளவும்’ பெரிதில்லை: இசைக் குழுவில் நடுமதிப்பு 19 அமர்வுகள்தான். வாரம் மூன்று என்று திட்டமிடுவது எளிது. குழந்தையைக் கூட்டிவருவது பெற்றோர் பாடு.

2018-இல் மான்ட்ரியலில் நடந்த ஆய்வு வேறொரு ஓட்டையை அடைக்கப் பார்த்தது. அங்கே 51 குழந்தைகளில் ஒரு குழுவுக்கு இசை, மற்றதற்கு இசை இல்லாத விளையாட்டு. இரண்டிலும் ஒரு பெரியவர் கவனமாகக் கூடவே இருந்தார் என்பதால், கவனிப்பின் பலனை இசையின் பலன் என்று எண்ண இடமில்லை. தொடர்புத்திறனில் இசைக் குழு முன்னே நின்றது. ஆனால் அந்த மதிப்பெண் பெற்றோர் போட்டது.

2022-இல் காக்ரேன் மறுபடி திரட்டியபோது 26 ஆய்வுகள், 1165 பேர். சமூக ஊடாட்டத்தில் தெளிவான பலன் தெரியவில்லை, அதற்கான சான்றின் உறுதியும் குறைவு. ஒட்டுமொத்த முன்னேற்றத்தில் நடுத்தர உறுதியோடு ஒரு பலன் தெரிந்தது: சுமார் 11 குழந்தைகளுக்கு இசை சிகிச்சை கொடுத்தால், அது இல்லாமல் முன்னேறியிருக்காத ஒரு குழந்தை கூடுதலாக முன்னேறும்.